87.50க்கு விற்றும் நட்டம் ஏன்? இரண்டு கொன்ட்ராக்ட் நோட்டுகளை வரி வரியாக வாசிப்போம்

கேள்வி: "அண்ணா, நான் கிளிநொச்சி. போன திங்கள் ஒரு கம்பனி ஷெயர் 500, 86.40க்கு வாங்கச் சொன்னனான். வியாழன் 87.50க்கு எல்லாத்தையும் வித்துப்போட்டன். 550 ரூபா லாபம் எண்டு இருந்தன். வாங்கின நோட்டில 43,643.39, வித்த நோட்டில 43,260.00 எண்டு கிடக்கு. கழிச்சுப் பாத்தா 383 ரூபா நட்டம். அதோட முதல் நோட்டில 200 ஷெயர் 86.20, 300 ஷெயர் 86.40 எண்டு ரெண்டு வரி. 86.20 எண்டு நான் சொல்லவே இல்லை. புரோக்கர் ஏமாத்திறாரோ?"

தம்பி, நீங்கள் தந்த தொகைகளை வைத்து இரண்டு நோட்டையும் தாளில் மறுபடி போட்டுப் பார்த்தேன். சதம் வரை சரியாக வருகிறது. கட்டணத்தில் உங்களிடம் ஒரு சதமும் கூடுதலாக எடுக்கவில்லை. நட்டம் உண்மைதான், ஆனால் அது நீங்கள் விற்ற விலையிலேயே இருந்தது. புரோக்கர் நிறுவனமொன்றின் கணக்குப் பகுதியில் பதினொரு வருடம் இருந்தவன் நான். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் வாடிக்கையாளருக்குப் போகும் இப்படியான நோட்டுகளை நாளாந்தம் சரிபார்த்து அனுப்புவதுதான் என் வேலையாக இருந்தது. உங்கள் நோட்டுகளை நேரில் காணாததால் கணக்கைப் பற்றித்தான் நான் உறுதியாகச் சொல்ல முடியும். உத்தரவு உங்கள் வாயிலிருந்து வந்தபடியே போடப்பட்டதா என்பது உங்களுக்கும், உங்கள் உத்தரவை எடுக்கும் புரோக்கர் நிறுவனத்தின் ஆலோசகருக்கும் இடையிலான விசயம். அதை எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 86.20. நீங்கள் 86.40 என்று சொன்னது சந்தையில் "86.40க்கு மேல் தரமாட்டேன்" என்றுதான் பதிவாகும். அந்த நேரம் வேறொருவர் 200 பங்குகளை 86.20க்கு விற்க வைத்திருந்தால் உங்கள் உத்தரவு முதலில் அவரிடம்தான் போய்ப் பொருந்தும். அது முடிந்த பிறகு மிச்சம் 300க்கு அடுத்த விலைக்காரரிடம் போகும். இதில் உங்களுக்கு ஆதாயம்தான். 200 பங்குக்கு இருபது சதம் வீதம் 40 ரூபா குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே உத்தரவு நோட்டில் இரண்டு, மூன்று, சிலவேளை பத்து வரியாகவும் வரும். சில நிறுவனங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி விலையை மட்டும் போடும். உங்களுக்கு அப்படி வந்திருந்தால் 86.32 என்று இருந்திருக்கும். எந்த வடிவில் வந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வாங்கும்போது எந்த வரியின் விலையும் நீங்கள் சொன்ன விலைக்கு மேல் போகக்கூடாது, விற்கும்போது எந்த வரியும் அதற்குக் கீழே போகக்கூடாது. "மார்க்கெட் விலைக்கு வாங்குங்கோ" என்று சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே விலையைச் சொல்லித்தான் உத்தரவு கொடுக்க வேண்டும்.

இனி வாங்கின நோட்டின் பணக்கணக்கு. 200ஐ 86.20ஆல் பெருக்க 17,240.00. 300ஐ 86.40ஆல் பெருக்க 25,920.00. இரண்டும் சேர்ந்து 43,160.00 ரூபா. இதுதான் பங்குகளின் பெறுமதி, நோட்டில் கிரொஸ் தொகை என்று இருப்பது. இதற்குக் கீழே ஐந்து சிறிய வரிகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் இந்த 43,160 ரூபாவின் ஒரு வீதமாகவே கணிக்கப்படும். ஒரு கட்டணத்தின் மேல் இன்னொரு கட்டணம் ஏறுவதில்லை. அதனால் இலங்கை நோட்டைச் சரிபார்ப்பது சுகம். கிரொஸ் தொகையைச் சரியாக எடுத்துவிட்டால் மற்ற ஐந்தையும் கைபேசிக் கல்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஐந்தில் பெரியது புரோக்கரேஜ். 100 மில்லியன் ரூபாவுக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு இது 0.64 வீதம். உங்கள் நோட்டில் 276.22 ரூபா. புரோக்கர் நிறுவனத்துக்குப் போகும் பணம் இது ஒன்று மட்டுமே. ஆலோசகரின் வருமானமும் பல இடங்களில் இதில் ஒரு பங்கைப் பொறுத்துத்தான் இருக்கிறது. வாங்கினாலும் விற்றாலும், உங்களுக்கு இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் இந்த வரி வரும். ஆலோசகர் "விலை ஏறியிட்டுது, வித்துப்போட்டு வேற ஒண்டு வாங்குவம்" என்று சொல்லும்போது இது உங்கள் நினைவில் இருக்க வேண்டும். அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் எந்த வரியிலிருந்து வருகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த பெரியது பங்குக் கொடுக்கல் வாங்கல் தீர்வை. நோட்டில் ஷேர் ட்ரான்ஸாக்ஷன் லெவி என்றோ எஸ்ரிஎல் என்று சுருக்கியோ இருக்கும். 0.3 வீதம், உங்களுக்கு 129.48 ரூபா. இது அரசாங்கத்துக்குப் போகும் வரி. 2005ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் மூலம் வந்தது. வாங்குபவரும் கட்ட வேண்டும், விற்பவரும் கட்ட வேண்டும். இலாபத்தின் மேல் வரும் வரி என்று இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். நட்டத்துக்கு விற்றாலும் இது கழிபடும், ஏனென்றால் இது பெறுமதியின் மேல் விழுவது. புரோக்கர் இதை வசூலித்து ஒப்படைப்பவர் மட்டும்தான். இதில் பேரம் பேச யாருக்கும் இடமில்லை.

மிச்சம் மூன்றும் சிறியவை. சீஎஸ்ஈ கட்டணம் 0.084 வீதம், 36.25 ரூபா. இது கொழும்புப் பங்குச் சந்தைக்கு. எஸ்ஈசி செஸ் 0.072 வீதம், 31.08 ரூபா. இது சந்தையை ஒழுங்குபடுத்தும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு. சீடிஎஸ் கட்டணம் 0.024 வீதம், 10.36 ரூபா. உங்கள் பங்குகள் கடதாசியாக இல்லாமல் மின்பதிவாக இருக்கும் மத்திய வைப்புத் தொகுதிக்குப் போவது அது. ஐந்தையும் கூட்டினால் 483.39. அதை 43,160.00உடன் சேர்த்தால் 43,643.39. நீங்கள் எழுதியிருக்கும் தொகை அதுவேதான்.

ஐந்து வீதங்களையும் கூட்டினால் 1.12 வருகிறது. வரி வரியாகப் பார்க்க நேரமில்லாவிட்டால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கின நோட்டின் கிரொஸ் தொகையை 1.0112ஆல் பெருக்கினால் கடைசித் தொகை வர வேண்டும். விற்ற நோட்டில் 0.9888ஆல் பெருக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சதத்துக்கு முழுமையாக்கப்படுவதால் ஒன்றிரண்டு சதம் முன்பின் வரலாம், அது பிழையல்ல. ரூபாக் கணக்கில் வித்தியாசம் வந்தால் மட்டும் எந்த வரி பிழை என்று தேடுங்கள். என் அனுபவத்தில் அப்படித் தேடினால் பெரும்பாலும் பிழைப்பது நாங்கள் எடுத்த கிரொஸ் தொகைதான். ஒரு வரியின் எண்ணிக்கையைப் பார்க்காமல் விட்டிருப்போம்.

இப்போது விற்ற நோட்டு. 500ஐ 87.50ஆல் பெருக்க 43,750.00. அதே ஐந்து வரிகள், அதே வீதங்கள், ஆனால் இந்த முறை கூட்டாமல் கழிக்கிறார்கள். புரோக்கரேஜ் 280.00, தீர்வை 131.25, சீஎஸ்ஈ 36.75, எஸ்ஈசி 31.50, சீடிஎஸ் 10.50. சேர்ந்து 490.00 ரூபா. கழித்தால் 43,260.00. இதுவும் நீங்கள் சொன்ன தொகையே.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பங்கின் விலையில் உங்களுக்குக் கிடைத்த இலாபம் 550 அல்ல, 590 ரூபா. அந்த 86.20 தந்த 40 ரூபாவும் அதற்குள் இருக்கிறது. ஆனால் போகவும் வரவும் கொடுத்த கட்டணம் 483.39உம் 490.00உம், சேர்ந்து 973.39. 590இலிருந்து 973.39ஐக் கழித்தால் 383.39 நட்டம். நெல் விற்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மில்காரர் சொல்லும் விலையை மட்டும் மூடைக் கணக்கோடு பெருக்கிக்கொண்டு ஒருவரும் வீட்டுக்கு வருவதில்லை. ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, சாக்குக்கு எவ்வளவு, ஏற்றுக்கூலி எவ்வளவு என்று பார்த்துத்தான் கையில் என்ன மிஞ்சும் என்று சொல்வோம். பங்கில் அந்தக் கழிவு இரண்டு தரம் வருகிறது, வாங்கும்போதும் விற்கும்போதும்.

இந்த 500 பங்கை எந்த விலைக்கு விற்றிருந்தால் உங்கள் முதல் திரும்பியிருக்கும்? வாங்கின நோட்டின் கடைசித் தொகையை 0.9888ஆல் வகுத்து, பிறகு பங்கின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்:

```
43643.39 / 0.9888 / 500 = 88.275
```

கொழும்புச் சந்தையில் இந்த மட்டத்து விலை பத்துச் சதம் பத்துச் சதமாகத்தான் நகரும். ஆகவே 88.20க்கு விற்றால் 37 ரூபா நட்டம், 88.30க்கு விற்றால் 12 ரூபா இலாபம். 88.30தான் உங்கள் எல்லைக்கோடு. 87.50 அதைவிட எண்பது சதம் கீழே. கணக்குப் போட நேரமில்லாதபோது வாங்கின சராசரி விலையை 1.0227ஆல் பெருக்கினாலும் இதே எண் வந்துவிடும். நான் வேலை செய்த காலத்தில் வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்: வாங்கின நோட்டு மெயிலில் வந்த அன்றே அதில் பேனையால் இந்த விலையை எழுதிவையுங்கள். பிறகு கைபேசியில் விலை ஏறுவதைப் பார்த்து மனம் அலையும்போது 86.40ஓடு ஒப்பிட மாட்டீர்கள், 88.30ஓடு ஒப்பிடுவீர்கள்.

உங்களைப் போல இந்தக் குழியில் விழுகிறவர்கள் நிறையப்பேர். அதற்கு ஒரு காரணம் நாங்கள் பார்க்கும் வீடியோக்கள் என்று நினைக்கிறேன். தமிழில் பங்குச் சந்தை என்று தேடினால் வருபவை அநேகமாகத் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே உள்ள நோட்டு வேறு. அதில் எஸ்டிடி என்று ஒரு வரி, புரோக்கரேஜின் மேல் 18 வீத ஜிஎஸ்டி, வாங்கும்போது முத்திரைத் தீர்வை, விற்கும்போது டிபி கட்டணம் என்று வரிகளின் பெயரே வேறு. சில புரோக்கர்கள் வாங்கி வைத்திருக்கும் பங்குக்குப் புரோக்கரேஜே எடுப்பதில்லை. அந்த ஊரில் ஒரு வீதம் ஏறினதும் விற்றால் கையில் ஏதோ மிஞ்சும். இங்கே வாங்கி விற்க இரண்டேகால் வீதம் கட்டணமாகப் போகிறது. ஆகவே அந்த வீடியோவில் சொல்லும் "சின்ன இலாபத்தோடு அடிக்கடி வெளியே வா" என்ற முறையைக் கொழும்புச் சந்தையில் செய்தால், சந்தை உங்கள் பக்கம் நின்றாலும் பணம் கரையும். அதேபோல உங்கள் நோட்டில் ஜிஎஸ்டி வரியைக் காணவில்லை என்று தேடவும் வேண்டாம். டிவிடெண்டின் மீதான வரியும் இந்த நோட்டில் வராது. அது கம்பனி டிவிடெண்ட் அனுப்பும்போது பார்க்கிற விசயம்.

மல்லாவிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு நினைவில் இருக்கிறார். வந்த நோட்டு ஒவ்வொன்றையும் துளையிட்டுக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார், ஆனால் ஒன்றையும் கூட்டிப் பார்க்கவில்லை. ஒரு இலட்சம் ரூபாவை வைத்து நான்கு மாதத்துக்குள் எட்டுத் தடவை வாங்கி விற்றிருந்தார். எட்டில் ஐந்து தடவை விலை ஏறித்தான் விற்றார். வருட முடிவில் பணம் குறைந்திருக்கிறது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று கோப்போடு வந்து நின்றார். நானும் அவரும் ஒரு மேசையில் இருந்து கட்டண வரிகளை மட்டும் கூட்டினோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2,240 ரூபா, எட்டுச் சுற்றுக்குப் பதினெட்டாயிரத்துக்குக் கிட்ட. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எல்லா நோட்டும் சரியாகத்தான் இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. அந்தக் கூட்டலை இரண்டாம் நோட்டு வந்த அன்றே யாராவது அவருக்குச் செய்து காட்டியிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் மனவருத்தம் உண்டு. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

இனி நோட்டின் மேல்பகுதி. பணக்கணக்கு சரியென்றாலும் நோட்டு பிழையாக இருக்க முடியும், அந்தப் பிழை எப்போதும் மேலேதான் இருக்கும். உங்கள் சீடிஎஸ் கணக்கு எண்ணைப் பாருங்கள். முதலில் புரோக்கரின் எழுத்துக்குறி, பிறகு உங்கள் எண், பிறகு உள்நாட்டுத் தனிநபர் என்பதற்கு LI, கடைசியில் 00 என்று இருக்கும். ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே புரோக்கரிடம் கணக்கு இருந்தால் ஒருவரின் கொள்வனவு மற்றவரின் கணக்கில் விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். பெயரின் முதலெழுத்து மட்டும் வேறாக இருக்கும் எங்கள் பெயர்களில் இது நடப்பது அதிசயமில்லை.

அடுத்தது பங்கின் குறி. இதில்தான் நான் கண்ட பெரிய பிழைகள் நடந்தன. சில கம்பனிகளுக்கு இரண்டு வகைப் பங்குகள் உண்டு. உதாரணத்துக்குக் கொமர்ஷல் வங்கியை எடுத்தால், வாக்குரிமை உள்ள சாதாரணப் பங்கு `COMB.N0000`, வாக்குரிமை இல்லாதது `COMB.X0000`. கம்பனி ஒன்றுதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு விலையில் தனித்தனியாக வியாபாரமாகும். தொலைபேசியில் கம்பனியின் பெயரை மட்டும் சொன்னால் ஆலோசகர் எதைப் போடுவார்? நான் இருந்த இடத்தில் ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் வாக்குரிமை இல்லாத X பங்கை நினைத்துக்கொண்டு பெயரை மட்டும் சொன்னார், ஆலோசகர் வாக்குரிமை உள்ள N பங்கைப் போட்டார். நோட்டு அன்று மாலையே மெயிலில் போய்விட்டது. அவர் அதைத் திறந்தது பத்து நாள் கழித்து. அதற்குள் பணமும் கட்டியாகிவிட்டது, பங்கும் கணக்கில் ஏறிவிட்டது. திருத்துவதற்கு விற்று வாங்குவதைத் தவிர வழியில்லாமல் போனது, மறுபடியும் இரண்டு பக்கக் கட்டணம். அன்றிரவே ஒரு கோல் எடுத்திருந்தால் நிறுவனத்துக்குள்ளேயே பேசித் தீர்க்க வழி இருந்திருக்கும். நோட்டு என்பது ரசீது மட்டுமல்ல, "இப்படித்தான் செய்தோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்" என்று உங்களிடம் கேட்கும் கடிதமும்தான். நீங்கள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகவே எடுப்பார்கள்.

மேல்பகுதியில் இரண்டு திகதிகள் இருக்கும். ஒன்று வியாபாரம் நடந்த நாள், மற்றது செட்டில்மென்ட் நாள். இப்போது கொழும்புச் சந்தையில் செட்டில்மென்ட் இரண்டு சந்தை நாட்கள் கழித்து. நீங்கள் திங்கள் வாங்கியதற்குப் புதன்கிழமைக்குள் 43,643.39 ரூபா புரோக்கரின் கையில் இருக்க வேண்டும். வியாழன் விற்றதற்கு வெள்ளி ஒன்று, சனி ஞாயிறு கணக்கில்லை, திங்கள் இரண்டு. இடையில் போயா வந்தால் சந்தை இல்லை, திகதி ஒரு நாள் தள்ளும். தாமதித்துக் கட்டினால் வரும் வட்டி இந்த நோட்டில் இராது என்பதைக் கவனியுங்கள். அது புரோக்கர் உங்களுக்காக வைத்திருக்கும் கணக்கேட்டில், லெட்ஜர் என்று சொல்வார்களே, அதில் தனி வரியாக விழும். நோட்டு எல்லாம் சரி, ஆனால் கையில் வந்த பணம் குறைவு என்று யாராவது என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது லெட்ஜரைத்தான். காசோலை போட்டால் அது மாறும் நாளும் இதில் சேரும். கிளிநொச்சியிலிருந்து கொழும்புப் புரோக்கருக்குக் கட்டுகிறவர்கள் வங்கி அப்பில் நேரே அனுப்பி, குறிப்பில் உங்கள் வாடிக்கையாளர் எண்ணைப் போடுவது நல்லது. எண் இல்லாமல் வந்த பணம் யாருடையது என்று தெரியாமல் எங்கள் மேசையில் நாட்கணக்கில் கிடந்ததுண்டு. அந்த நாட்களில் உரியவருக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

நோட்டு சொல்லாத ஒன்று இருக்கிறது. உத்தரவு உண்மையில் உங்களுடையதுதானா என்பது நோட்டில் தெரியாது. வியாழன் விற்கச் சொன்னது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஆலோசகர் தானாக வாங்கி விற்றுவிட்டுப் பிறகு சொல்வது நடக்காத விசயமல்ல. நீங்கள் சொல்லாத ஒரு வியாபாரத்துக்கு நோட்டு வந்தால் அதில் எல்லா வீதமும் சரியாக இருந்தாலும் அந்த நோட்டு பிழைதான். ஆலோசகரோடு தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்காமல் அன்றே நிறுவனத்தில் விதிமுறைகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் கம்ப்ளயன்ஸ் அலுவலருக்கு மெயிலில் எழுதுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவு எடுக்கும் தொலைபேசி உரையாடலைப் பதிவுசெய்து வைப்பதால் நேரத்தைக் குறிப்பிட்டு அந்தப் பதிவைக் கேட்கலாம். ஆலோசகரின் சொந்தக் கைபேசிக்கு வட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பி உத்தரவு கொடுத்துப் பழகியிருந்தால் அப்படி ஒரு பதிவு நிறுவனத்திடம் இராது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நிறுவனம் சரியான பதில் தராவிட்டால் கொழும்புப் பங்குச் சந்தைக்கும் பிறகு ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். பங்குச் சந்தையின் கிளை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. உங்களுக்கு ஏ9 வீதியால் ஒரு பஸ் பயணம், நோட்டுகளின் பிரதியோடு நேரில் போய்ப் பேசலாம்.

நோட்டைச் சோதிக்க இன்னொரு சாட்சியும் உண்டு. நோட்டை அனுப்புவது புரோக்கர், ஆனால் பங்கின் பதிவை வைத்திருப்பது சீடிஎஸ். இரண்டும் வெவ்வேறு இடம். செட்டில்மென்ட் முடிந்த பிறகு சீடிஎஸ் ஈ-கனெக்ட் தளத்திலோ பங்குச் சந்தையின் அப்பிலோ உள்ளே போய் உங்கள் பெயரில் அந்தப் பங்கு எத்தனை இருக்கிறது என்று நோட்டோடு ஒப்பிட்டால், புரோக்கரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. சீடிஎஸ்ஸில் நீங்கள் கொடுத்திருக்கும் மெயிலும் கைபேசி இலக்கமும் உங்களுடையவைதானா என்பதையும் ஒருமுறை பாருங்கள். கணக்குத் திறக்கும்போது படிவத்தை வேறு யாரும் நிரப்பியிருந்தால் அவருடைய மெயிலைப் போட்டிருக்கக்கூடும். பிறகு உங்கள் நோட்டு எல்லாம் அவருக்குப் போகும்.

உங்களுடைய இந்த வியாபாரத்தில் இனிப் பார்க்க மிச்சம் இருப்பது இரண்டு. வருகிற திங்கள் மாலை ஈ-கனெக்டில் அந்தப் பங்கின் எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும். லெட்ஜரில் உங்கள் பக்கம் 43,260.00 வரவாக விழுந்திருக்க வேண்டும். நீங்கள் புதன்கிழமைக்குள் பணத்தைக் கட்டியிருந்தால் அதற்குப் பக்கத்தில் வட்டி என்று எந்த வரியும் இருக்கக்கூடாது. இருந்தால் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, நீங்கள் கட்டிய பற்றுச்சீட்டின் திகதியோடு சேர்த்து இங்கே எழுதுங்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.